எண்பத்தொரு மடங்கும் ஐந்து மடங்கும்

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். லண்டனில் இருக்கிறார், மகன் ஏ-லெவல் பயாலஜி படிக்கிறான். பரீட்சைத் தாளில் ஒரு கிராஃப். அதில் இரண்டு கோடு. ஒன்று ஹீமோகுளோபின்: மெதுவாகக் கிளம்பி, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே போய்த் தட்டையாகிற எஸ் வடிவம். இன்னொன்று மயோகுளோபின்: முதல் அடியிலிருந்தே விறுவிறுவென்று ஏறி, சீக்கிரமே தட்டையாகிவிடும் ஹைபர்போலா. இரண்டும் ஏன் வேற வேற வடிவத்தில் இருக்கு என்று கேள்வி. பையன் எழுதிய பதில்: "மயோகுளோபினுக்கு ஆக்ஸிஜன் மேல ஈர்ப்பு அதிகம்." மார்க் இல்லை.

"அவன் எழுதினது சரிதானே அக்கா? புத்தகத்திலயும் அப்படித்தானே போட்டிருக்கு?" என்று கேட்டிருந்தார்.

அவன் எழுதியது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஈர்ப்பு அதிகமா குறைவா என்பது அந்தக் கோடு இடது பக்கம் இருக்குமா வலது பக்கம் இருக்குமா என்பதைத்தான் சொல்லும். கோட்டின் வடிவம் வேறு விஷயம். இரண்டையும் கலந்துவிடுவது ரொம்பச் சாதாரணம். கல்லூரியில் வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறேன். உங்களில் பலர் இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள், இதே படத்தை வரைந்து மார்க் வாங்கியிருப்பீர்கள். இருந்தாலும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த எஸ் வடிவம் குலைந்து போனால் என்ன ஆகும் என்பது குளிர்நாட்டில் வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தேவையான செய்தி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எளிமையான ஆள், மயோகுளோபின். இது தசைக்குள்ளே இருக்கிற புரதம். கடையில் வாங்கும் ஆட்டுக்கறி சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ரத்தம் என்று நினைத்து நாம் கழுவிக் கழுவி ஊற்றுகிற சிவப்புத் தண்ணீரில் நிறம் தருவதும் பெரும்பாலும் இதுவே. கோழியின் நெஞ்சுக்கறியில் இது குறைவு, அதனால் வெளுப்பு. காலில் கொஞ்சம் அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் முங்கிக் கிடக்கும் திமிங்கிலத்தின் தசையில் இது அவ்வளவு நிறைய இருப்பதால் கறியே கறுத்துத் தெரியும். கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ 1950களின் கடைசியில் முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுபிடித்தபோது எடுத்துக்கொண்டது ஸ்பெர்ம் வேல் என்ற திமிங்கிலத்தின் மயோகுளோபினைத்தான். 153 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அதன் மடிப்புக்குள் ஹீம் என்ற ஒரு தட்டு, தட்டின் நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு. அந்த இரும்பில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு உட்காரலாம்.

ஒரு மூலக்கூறு, ஒரு இருக்கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் தானாக வரும்.

ஆக்ஸிஜன் வந்து உட்காருகிற வேகம் எதைப் பொறுத்தது? சுற்றி எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கு, எத்தனை இருக்கை காலியா இருக்கு, இந்த இரண்டையும். எழுந்து போகிற வேகம்? எத்தனை இருக்கை நிரம்பியிருக்கு என்பதை மட்டும். இரண்டு வேகமும் சமமாகிற இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும்போது, நிரம்பியதற்கும் காலியானதற்கும் உள்ள விகிதம் ஆக்ஸிஜனின் அழுத்தத்துக்கு நேராகக் கூடும். அழுத்தம் இரண்டு மடங்கானால் அந்த விகிதமும் இரண்டு மடங்கு. அவ்வளவுதான். இதைச் சமன்பாடாக எழுதினால்:

```
Y = P / (P + P50)
```

இதில் Y என்பது நிரம்பிய பங்கு, P ஆக்ஸிஜன் அழுத்தம், P50 என்பது பாதி இருக்கைகள் நிரம்பும் அழுத்தம். இந்தச் சமன்பாட்டை வரைந்தால் வருவது ஹைபர்போலா. ஈர்ப்பு அதிகமோ குறைவோ, இருக்கைகள் ஒன்றையொன்று பாதிக்காதவரை இதே வடிவம்தான் வரும். வேறு வழியே இல்லை.

இப்போது இந்தச் சமன்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கண்டிப்பைப் பாருங்கள். பத்து சதவீதம் நிரம்ப வேண்டுமானால் நிரம்பியதும் காலியும் 1-க்கு 9. தொண்ணூறு சதவீதம் நிரம்ப வேண்டுமானால் 9-க்கு 1. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குப் போக விகிதம் 81 மடங்கு கூட வேண்டும். அப்படியென்றால் அழுத்தமும் 81 மடங்கு கூட வேண்டும். உலகத்தில் எந்த ஒற்றை இருக்கைப் புரதத்தை எடுத்தாலும் இந்த 81 மாறாது.

நம்ம உடம்பில் அவ்வளவு ஏற்ற இறக்கம் எங்கே இருக்கு? நுரையீரலின் காற்றறைகளில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம். (பிள்ளைகளின் புத்தகத்தில் கிலோபாஸ்கலில் இருக்கும், 7.5 மி.மீ. ஒரு கிலோபாஸ்கல், ஆகவே இது 13 சொச்சம்.) சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பைச் சுற்றித் திரும்பும் ரத்தத்தில் சுமார் 40. ஓடுகிற காலின் தசையில் நுண்குழாய்ப் பக்கம் 20 அளவுக்கு இறங்கும். நூறிலிருந்து இருபது: வெறும் ஐந்து மடங்கு. ஏற்றுவதையும் இறக்குவதையும் இந்த ஐந்து மடங்குக்குள் முடித்தாக வேண்டும்.

ஒற்றை இருக்கைப் புரதத்தை ரத்தத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். மயோகுளோபினின் P50 சுமார் 2.8. நுரையீரலில் 97 சதவீதம் நிரம்பும், அருமை. ஓடுகிற தசைப் பக்கம் 20-க்கு வந்தால்? இன்னும் 88 சதவீதம் கையிலேயே வைத்திருக்கும். கொடுத்தது ஒன்பது சதவீதம் மட்டும். கஞ்சத்தனமான வண்டி.

சரி, ஈர்ப்பைக் குறைத்துவிடலாமே, அப்போது நிறையக் கொடுக்குமே என்று தோன்றும். குறைத்துப் பார்ப்போம். P50-ஐ 26-க்குக் கொண்டுவந்தால் நுரையீரலில் 79 சதவீதம்தான் ஏறும், 20-இல் 43 மிஞ்சும். கொடுத்தது 36. இன்னும் குறைத்தால் இறக்குவது நன்றாக இருக்கும், ஆனால் ஏற்றுவதே நடக்காது. நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், P50 45-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் அதிகபட்சம் வரும். அதுவும் 38 சதவீதத்தைத் தாண்டாது. நுரையீரலை விட்டுக் கிளம்பும்போதே மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலியாக ஓடுகிற வண்டி அது. ஆக, கோட்டை இடமும் வலமும் தள்ளுவதால் இந்தப் பிரச்சினை தீராது. வடிவத்தையே மாற்ற வேண்டும்.

ஹீமோகுளோபின் அதைத்தான் செய்கிறது. அதில் நான்கு சங்கிலிகள், இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொன்றும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட மயோகுளோபின் மாதிரியே மடிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், ஒரு இரும்பு. நான்கு இருக்கை. முக்கியமான விஷயம், ஒரு இருக்கை நிரம்பினால் மற்ற இருக்கைகளுக்கு அது தெரியும்.

நம்ம கல்யாண மண்டபத்தில் பந்தி போடும்போது பார்த்திருப்பீர்கள். இலை போட்டுக் காலியாக இருக்கிற வரிசையில் முதல் ஆள் உட்காரத் தயங்குவார். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பக்கத்து இலைகள் சடசடவென்று நிரம்பும். எழுந்திருக்கும்போதும் அப்படித்தான், ஒருவர் இலையை மூடினால் மற்றவர்களுக்கும் கிளம்பத் தோன்றும். ஹீமோகுளோபினில் முதல் ஆக்ஸிஜன் கஷ்டப்பட்டு ஏறுகிறது, அடுத்தடுத்து வருபவை சுலபமாக ஏறுகின்றன. அதனால் கோடு கீழே மந்தமாகத் தொடங்கி நடுவில் செங்குத்தாகிறது. மேலே இருக்கைகள் தீர்ந்துபோவதால் தட்டையாகிறது. எஸ் வந்துவிட்டது.

பந்தி உவமை இத்தோடு சரி. மூலக்கூறுக்குத் தயக்கமும் கிடையாது, கூச்சமும் கிடையாது. உள்ளே நடப்பது ஒரு இயந்திர வேலை.

இதற்கு முதல் துப்பு 1938-இல் பிராக் நகரில் கிடைத்தது. ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் என்பவர் ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் படிகங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா நிறத்தில் அறுகோணத் தட்டுகள். கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் காற்று உள்ளே நுழைந்தபோது தட்டுகள் கரைந்து மறைந்தன. அவற்றின் இடத்தில் செக்கச்செவேலென்று ஊசி ஊசியாகப் புதுப் படிகங்கள் வளர்ந்தன. நிறம் மட்டும் மாறியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். படிகமே நிலைகுலைகிறது என்றால், ஆக்ஸிஜன் ஏறும்போது மூலக்கூறின் உருவமே மாறுகிறது என்று அர்த்தம். இதை அறிந்த மாக்ஸ் பெருட்ஸ் அந்த மூலக்கூறோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். 1959-இல் ஹீமோகுளோபினின் அமைப்பு தெரிந்தது, 1962-இல் அவருக்கும் கெண்ட்ரூவுக்கும் சேர்த்து வேதியியல் நோபல் கிடைத்தது, ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொல்ல 1970 ஆகிவிட்டது. பரிசு வாங்கிய பிறகும் முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அவரைக் குழப்பியது இதுதான். நான்கு இரும்பு அணுக்களும் ஒன்றுக்கொன்று 25 ஆங்ஸ்ட்ரமுக்கும் மேல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அணு அளவில் அது பக்கத்து ஊர் மாதிரி. ஒன்றை ஒன்று தொட முடியாது, நேராகத் தள்ளவோ இழுக்கவோ முடியாது. பிறகு ஒருவருக்கு ஆக்ஸிஜன் கிடைத்தது மற்றவருக்கு எப்படித் தெரிகிறது?

அவர் கண்ட பதில் ஒரு நெம்புகோல். ஆக்ஸிஜன் இல்லாதபோது இரும்பு, ஹீம் தட்டின் தளத்தில் சரியாக உட்காராமல் சுமார் 0.4 ஆங்ஸ்ட்ரம் வெளியே தள்ளி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் வந்து பிடித்ததும் இரும்பு தளத்துக்குள் இறங்குகிறது. இரும்பின் பின்பக்கம் ஒரு ஹிஸ்டிடின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரும்பு நகர்ந்தால் அதுவும் நகர வேண்டும். அந்த ஹிஸ்டிடின் ஒரு சுருள் கம்பி மாதிரியான பகுதியைச் சேர்ந்தது. ஆக, கம்பியும் நகர்கிறது. கம்பியின் முனை பக்கத்துச் சங்கிலியோடு உரசுகிற எல்லையில் இருக்கிறது. இரும்பின் சின்ன அசைவு அந்த எல்லைவரை போய்ப் பெரிதாகிறது.

எல்லையில் என்ன இருக்கிறது? நான்கு சங்கிலிகளையும் இறுக்கிக் கட்டி வைத்திருக்கும் மின்பிணைப்புகள், நேர்மின்னும் எதிர்மின்னும் கைகோத்தவை. ஆக்ஸிஜன் இல்லாத மூலக்கூறு இந்தக் கட்டுக்களால் இறுகிக் கிடக்கிறது. இறுகிய நிலையில் இரும்பு தளத்துக்குள் இறங்குவது கஷ்டம், ஆகவே ஆக்ஸிஜன் மேல் பிடி குறைவு. ஒன்றிரண்டு ஆக்ஸிஜன் எப்படியோ ஏறி நெம்பினால் கட்டுகள் அறுகின்றன. அப்போது ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியோடு ஒப்பிட்டால் சுமார் 15 டிகிரி திரும்பிவிடுகிறது. மூலக்கூறு தளர்ந்த நிலைக்கு வந்துவிடுகிறது. தளர்ந்த நிலையில் மிச்ச இருக்கைகளிலும் இரும்பு இறங்கத் தடையில்லை. கட்டை அறுக்கும் செலவை முதலில் வந்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், பின்னால் வருபவர்களுக்கு இலவசம்.

மயோகுளோபினிலும் ஆக்ஸிஜன் ஏறும்போது இரும்பு அசையத்தான் செய்கிறது, ஹிஸ்டிடினும் அசைகிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. வாசகியின் மகன் எழுதியிருக்க வேண்டிய பதில் இதுதான்: ஒரே ஹீம், ஒரே சங்கிலி, ஆகவே ஒன்று நிரம்புவது இன்னொன்றைச் சுலபமாக்க வழியே இல்லை, ஆகவே ஹைபர்போலா. ஈர்ப்பைப் பற்றி அடுத்த வரியில் எழுதலாம், அது ஏன் இடது பக்கம் இருக்கிறது என்பதற்கு.

இடமும் வடிவமும் வேறு வேறு என்பதற்கு நம்ம வீட்டிலேயே சாட்சி உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு ஈர்ப்பு அம்மாவுடையதைவிட அதிகம். அதன் P50 20-ஐ ஒட்டி இருக்கும், அம்மாவுக்கு 26-27. அதனால்தான் நஞ்சுக்கொடியில் அம்மாவின் ரத்தத்திலிருந்து அது ஆக்ஸிஜனை வாங்க முடிகிறது. கோடு இடது பக்கம் தள்ளியிருக்கிறது, ஆனால் எஸ் வடிவம் அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு கூடினால் ஹைபர்போலா ஆகிவிடும் என்றால் நாம் யாரும் பிறந்திருக்கவே மாட்டோம்.

இனி கணக்குக்கு வருவோம். 1910-இல் ஆர்ச்சிபால்ட் ஹில் ஒரு சுலபமான திருத்தம் சொன்னார்:

```
Y = P^n / (P^n + P50^n)
```

n என்பது இருக்கைகள் எவ்வளவு கூட்டாக நடந்துகொள்கின்றன என்பதன் அளவு. n = 1 என்றால் பழைய ஹைபர்போலா. நான்கும் ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் இறங்கினால் 4. மனித ஹீமோகுளோபினுக்கு அளந்தால் 2.7, 2.8 என்று வரும். அதாவது நல்ல கூட்டுறவு, ஆனால் முழு ஒற்றுமை கிடையாது. (நம்ம ஊர்ச் சங்கங்களுக்கு இந்த எண்ணை அளக்காமல் இருப்பது நல்லது.) கோட்டின் இரண்டு முனையிலும் இந்தச் சமன்பாடு கொஞ்சம் பிசகும், நடுப்பகுதிக்கு நன்றாகவே ஒத்துவரும்.

n 2.7, P50 26 என்று போட்டால் நுரையீரலில் 97 சதவீதம் நிரம்புகிறது. திரும்பி வரும் ரத்தத்தில், 40-இல், 76. ஓடும் தசையில், 20-இல், 33. ஆக ஓடும்போது கொடுப்பது 64 சதவீதம். ஒற்றை இருக்கை எவ்வளவு முயன்றாலும் 38-ஐத் தாண்டாது என்று பார்த்தோமே, அதோடு வைத்துப் பாருங்கள். பத்து சதவீதத்திலிருந்து தொண்ணூறுக்கு ஏற 81 மடங்கு தேவைப்பட்டது இப்போது ஐந்து மடங்கில் முடிகிறது. உடம்பில் கிடைப்பதும் அந்த ஐந்துதான்.

மில்லிலிட்டரில் சொன்னால் இன்னும் தெளிவு. ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 150 கிராம் ஹீமோகுளோபின், முழுக்க நிரம்பினால் சுமார் 200 மி.லி. ஆக்ஸிஜன். ஓடும் காலுக்கு அதில் 128 மி.லி. இறங்குகிறது. மயோகுளோபின் வண்டியாக இருந்தால் 20 மி.லி.கூட இறங்காது.

அப்போ மயோகுளோபின் எதற்கு என்றால், வண்டி வேறு, கிடங்கு வேறு. வேலை செய்யும் தசைச் செல்லுக்கு உள்ளே ஆக்ஸிஜன் அழுத்தம் ஒற்றை இலக்கத்துக்கு, சில மி.மீ.க்கு இறங்கிவிடும். அங்கேதான் மயோகுளோபினின் கோடு செங்குத்து. ஹீமோகுளோபின் 20-இல் கைவிட்டதை இது வாங்கிக்கொள்ளும், 5-இல் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருக்கும், தசை அதைவிடக் கீழே இழுத்தால் விட்டுக்கொடுக்கும். திமிங்கிலத்துக்கு அது பெரிய கிடங்கு. நமக்குச் சின்னது.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். கார்பன் மோனாக்சைடு.

குளிர்காலத்தில் பழைய பாய்லர், மூடிய கராஜில் ஓடும் ஜெனரேட்டர், வெளியே மழை என்று வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவந்து வைத்த கரி பார்பிக்யூ, இவற்றிலிருந்தெல்லாம் வரக்கூடிய வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் உட்காரும் அதே இரும்பில் போய் உட்காருகிறது, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. "இடத்தைப் பிடிச்சுக்கும், அதனால ஆக்ஸிஜனுக்கு இடமில்லை" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதிக் கதை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கடுமையான ரத்தசோகை, ஹீமோகுளோபின் பாதிதான் இருக்கிறது. இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் முழுசாக இருக்கிறது, ஆனால் பாதி இருக்கையில் கார்பன் மோனாக்சைடு. இருவர் ரத்தமும் லிட்டருக்கு 100 மி.லி. ஆக்ஸிஜன்தான் சுமக்க முடியும். கணக்குப்படி இருவரும் சமம். ஆனால் முதல் ஆள் மூச்சிரைத்தாலும், சோர்ந்து போனாலும், பல நேரம் நடமாடிக்கொண்டு இருப்பார். இரண்டாவது ஆள் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்.

ஏன்? கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தாலும் இரும்பு தளத்துக்குள் இறங்குகிறது, கட்டுகள் அறுகின்றன, மூலக்கூறு தளர்ந்த நிலைக்குப் போகிறது. ஆனால் இந்த விருந்தாளி எழுந்து போவதில்லை. அதனால் மூலக்கூறு மறுபடி இறுகுவதும் இல்லை. இறுகினால்தானே பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆக்ஸிஜன் இறங்கும்? ஏறிய ஆக்ஸிஜன் ஏறியபடியே சுற்றிச் சுற்றி வருகிறது. எஸ் வடிவம் அழிந்து, கோடு இடது பக்கம் தள்ளி, ஏறக்குறைய மயோகுளோபின் போல ஹைபர்போலா ஆகிறது. வண்டி கிடங்காக மாறிவிட்டது.

இதை எண்ணில் சொல்லலாம். இரண்டு வாயுவும் சேர்ந்திருந்தால் மொத்த நிரப்பம் எப்படி இருக்கும் என்று டக்ளஸும், ஹால்டேன் அப்பாவும் மகனும் 1912-இல் ஒரு விதி சொன்னார்கள். அதையும் ஹில் சமன்பாட்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஓடும் தசையின் 20-இல், ரத்தசோகைக்காரர் லிட்டருக்கு 64 மி.லி. இறக்குகிறார். கார்பன் மோனாக்சைடுக்காரர் 30-ஐ ஒட்டி. ஓட வேண்டாம், சும்மா படுத்திருந்தாலே உடம்பு லிட்டருக்கு சுமார் 45 மி.லி. கேட்கிறது. அதைக் கொடுக்க ரத்தசோகைக்காரரின் திசுவில் அழுத்தம் 27-க்கு இறங்கினால் போதும். மற்றவருக்கு 15 வரை இறங்க வேண்டும். மூளைக்கும் இதயத்துக்கும் அது ஆபத்தான இடம். இதயம் வேகமாகத் துடித்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றப் பார்க்கும், ஆனால் துடிக்கிற அந்த இதயத்துக்கும் இதே ரத்தம்தான் கிடைக்கிறது.

கண்டுபிடிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் சிவப்பு, ஆகவே உதடு நீலம் பாரிக்காது. கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கும் விரல் ஆக்ஸிமீட்டர் இரண்டு நிற ஒளியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜன் ஏறியது என்றே எண்ணிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று படுத்திருப்பவரின் விரலில் மாட்டினால் 98 என்று காட்டும். அதை நம்பி "ஃப்ளூவாத்தான் இருக்கும், கஷாயம் குடிச்சுட்டுப் படு" என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் திரும்ப வருகிறது, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால் முதலில் எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள், அப்புறம் அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பல அலைநீளங்களில் பார்க்கும் கருவிதான். வீட்டில் வைக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம். புகை அலாரம் அந்த வேலையைச் செய்யாது.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு முழு ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். "மூச்சு நல்லாத்தானே விடுறார், எதுக்கு ஆக்ஸிஜன்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. மூச்சுக்காக இல்லை, இருக்கைக்காக. இரும்பு அணுவுக்கு இரண்டு வாயுவும் போட்டி போடுகின்றன. ஆக்ஸிஜனைப் பல மடங்கு கூட்டினால் மோனாக்சைடை மெல்ல மெல்லத் தள்ளி வெளியேற்றலாம். சாதாரணக் காற்றில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜனில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும்.